மகன் கையெழுத்துப் போட்டா கன்சென்ட் ஆயிருமா?

உங்க நர்ஸிங் எத்திக்ஸ் அசைன்மென்ட் திருத்திட்டு இருக்கேன், பன்னெண்டாவது பேப்பர்லயும் அதே முடிவு: "மகன் கையெழுத்துப் போட்டுட்டார், அதனால கன்சென்ட் இருக்கு." இதுக்கு மேல பேசாம இருக்க முடியல.

நான் கொடுத்த கேஸ், வார்டுல பார்த்ததுதான், அடையாளம் மட்டும் மாத்தியிருக்கேன். பாம்பன் பக்கம் வள்ளத்துல போறவர், வயசு அறுபது, ரொம்ப வருஷமா சுகர். கால் மரத்துப்போனதால திருக்கை முள்ளு குத்துனதே தெரியல, வரும்போது கட்டைவிரல் கருத்துருச்சு. ஆனா காய்ச்சல் இல்ல, பிபி நார்மல், தெளிவா பேசுறார். விரலை எடுக்கணும்னு டாக்டர் மகன்கிட்ட சொல்ல, மகன் "புண்ணைச் சுத்தம் பண்றோம்னு மட்டும் அப்பாகிட்ட சொல்லுங்க சிஸ்டர், தெரிஞ்சா வீட்டுக்குப் போயிருவாரு"ன்னு சொல்லி ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுட்டார். ராத்திரி கட்டு மாத்தும்போது அவர் கேட்டார்: "ஏம்மா, வெரலை எடுக்கப் போறாகளா?"

1979ல பீச்சம்ப், சில்ட்ரெஸ் எழுதின நாலு மருத்துவ எத்திக்ஸ் கொள்கையைத்தான் எல்லாரும் எடுத்திருக்கீங்க, சரி: பேஷன்ட் முடிவு பேஷன்ட்டோடதுங்கிற அட்டானமி, நல்லது செய்யணும்ங்கிற பெனிஃபிசன்ஸ், கெடுதல் செய்யக்கூடாதுங்கிற நான்-மாலிஃபிசன்ஸ், எல்லாருக்கும் நியாயமா நடக்கணும்ங்கிற ஜஸ்டிஸ். ஆனா கொள்கைக்கு ஒரு பாரான்னு எழுதுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு: இவரால முடிவெடுக்க முடியுமா? சொன்னதை அவர் வார்த்தையில திருப்பிச் சொல்லச் சொல்லுங்க, இது தன் காலுக்குத்தான்னு புரியுதா, எடுத்தா என்ன எடுக்காட்டி என்னன்னு யோசிக்கிறாரா, ஒரு முடிவைச் சொல்றாரா, பாருங்க. கைநாட்டு வைக்கிறவர்ங்கிறதால புரியாதுன்னு எழுதாதீங்க! முடிவெடுக்க முடியும்னா மகன் கையெழுத்து வெறும் மை. 2008ல சமீரா கோலி வழக்குல, மயக்கத்துல இருந்த பேஷன்ட்டோட அம்மா சம்மதிச்சாங்கன்னு கர்ப்பப்பையை எடுத்தது செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, அவசரம் இல்ல, அவங்க கண் முழிச்சதும் கேட்டிருக்கலாம்.

பெனிஃபிசன்ஸ் விரலை எடுக்கச் சொல்லுது, உண்மைதான், விட்டா பாதமே போகலாம். ஆனா மறைக்கச் சொல்லல. ஏமாத்தி எடுத்தா அடுத்த டிரஸ்ஸிங்குக்கு அவர் நம்மகிட்ட வருவாரா? தாமதத்தாலயும் கெடுதல் வரும், அது நான்-மாலிஃபிசன்ஸ் பக்கம். அதனால எத்தனை மணி நேரம் தாங்கும்னு டாக்டர்கிட்ட கேட்டு எழுதணும். காய்ச்சல் ஏறி, பிபி இறங்கி, பேச்சு குழறுச்சுன்னா கணக்கே வேற. ஜஸ்டிஸ் இந்தக் கேஸ்ல ஒரு வரி போதும்.

நர்ஸ் பொய் சொல்லக்கூடாது, ஆபரேஷனை விளக்குறதும் நம்ம வேலை இல்ல. அன்னைக்கு நான் "டாக்டரையே வந்து பேசச் சொல்றேன்ய்யா"ன்னு சொல்லிட்டு, டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டு, பேஷன்ட் கேட்டதை அப்படியே சார்ட்ல எழுதி, தியேட்டருக்கு அனுப்புறதை நிறுத்தி வச்சேன். காலையில டாக்டர் பக்கத்துல உக்காந்து சொன்னார். பேஷன்ட் கேட்டது ஒண்ணே ஒண்ணு, வள்ளத்துல கால் ஊன முடியுமான்னு. அப்புறம் வீட்டுக்காரம்மாகிட்ட பேச ஒரு நாள் கேட்டார், குடுத்தோம், நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை டெம்பரேச்சர் பார்த்துக்கிட்டே. மறுநாள் சாயங்காலம் அவரே கைநாட்டு வச்சார்.

அந்த ஒரு நாள் குடுத்தது சரியா, எதை வச்சு சொல்றீங்க? தயவுசெஞ்சு அதை எழுதிட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வாங்கப்பா.