ஓனர் வாடகைக்குக் கடைக்காரர் வரி கட்டுவது ஏன்?

பெங்களூரு அல்சூரில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டார்: "அண்ணா, வாடகை வாங்குறது பில்டிங் ஓனர். ஜிஎஸ்டி மட்டும் நான் ஏன் கட்டணும்?"

வழக்கமாக விற்பவர் வரியை வசூலித்து அரசுக்குக் கட்டுவார். வாங்குபவரும் வியாபாரியாக இருந்தால், அதைத் தன் வரியில் இன்புட்டாகக் கழித்துக்கொள்வார். ரிவர்ஸ் சார்ஜில், கட்டும் பொறுப்பு வாங்குபவர் பக்கம் போய்விடுகிறது.

இவருடைய ஓனருக்கு இரண்டு கடைகள். ஒன்றுக்கு மாதம் 40,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 9,60,000 வருகிறது. 20 லட்சம் தாண்டாததால் அவர் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கவும் முடியாது. ஆனால் குடியிருக்கும் கடைக்காரருக்கு ஜிஎஸ்டி எண் இருக்கிறது, மாதாமாதம் கணக்கும் போகிறது. எந்தக் கையில் கணக்கு இருக்கிறதோ அந்தக் கையைப் பிடிக்கிறது சட்டம். கடை, ஆபீஸ் வாடகைக்கு இந்த விதி 2024 அக்டோபர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஐரோப்பாவில் மொபைல் போன் வியாபாரத்தில், விற்பவர் வரியை வசூலித்துக்கொண்டு கட்டாமலேயே காணாமல் போவார். வாங்கியவரோ அதே வரியை அரசிடம் இன்புட்டாகக் கேட்பார். அரசுக்கு வராத பணம் அரசின் கையிலிருந்தே வெளியே போனது. பிரிட்டன் 2007 ஜூன் 1 முதல் மொபைல் போனுக்கும் கணினிச் சிப்புக்கும் ரிவர்ஸ் சார்ஜ் கொண்டுவந்தது. கட்டுவதும் கழிப்பதும் ஒரே ஆளின் கணக்கில் நடந்தால், தூக்கிக்கொண்டு ஓட இடையில் பணமே இருக்காது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இனி நம் கடைக்காரரின் ஒரு மாதக் கணக்கு. விற்பனையில் அவர் வசூலித்த வரி 30,000. சரக்கு வாங்கியதில் இன்புட் 26,000. வாடகை இல்லாவிட்டால் 4,000 கட்டினால் போதும். வாடகை 40,000க்கு 18% என்றால் 7,200, அதாவது மத்திய வரி 3,600, மாநில வரி 3,600. இதை இன்புட்டில் கழிக்க ஜிஎஸ்டி போர்ட்டல் விடாது. கேஷ் லெட்ஜரில் பணமாகவே போட வேண்டும். காரணம், இது அவர் விற்பனை மீதான வரி அல்ல. விற்பவரின் இடத்தில் நின்று அவர் கட்டும் வரி.

கட்டியதும் அந்த 7,200 அவருக்கே இன்புட்டாகிறது. மொத்த இன்புட் 33,200. விற்பனை வரி 30,000 முழுவதும் அதிலேயே கழிந்து, மீதி 3,200 அடுத்த மாதத்துக்குப் போகும். 4,000 கட்டியிருக்க வேண்டியவர் 7,200 கட்டினார். கூடுதலான 3,200 அவர் கணக்கிலேயே நிற்கிறது. நஷ்டம் இல்லை, கொஞ்ச நாள் பணம் முடங்குகிறது.

அதே பில்டிங்கில் பக்கத்துக் கடை ஒரு மெஸ். அதே ஓனர், அதே வாடகை. மெஸ்காரர் சாப்பாட்டுக்கு 5% வரி வசூலிக்கிறார், அந்த முறையில் இன்புட் எடுக்க முடியாது. அவர் கட்டும் 7,200 திரும்ப வராது. வருடத்துக்கு 86,400, இரண்டு மாத வாடகைக்கும் மேல். ரிவர்ஸ் சார்ஜில் அரசுக்கு உண்மையில் வருமானம் சேர்வது இந்த மாதிரி இடத்தில்தான். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த வாடகை வரியிலிருந்து பின்னர் விலக்கு கொடுத்தார்கள். இன்புட் இல்லாத சின்ன மெஸ்களுக்கும் அதைக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தவறு நடக்கும் இடம் ஒன்றுதான். பதிவில்லாத ஓனர் எந்த ரிட்டர்னும் போடமாட்டார். அதனால் போர்ட்டல் தானாகக் காட்டும் இன்புட் பட்டியலான GSTR-2Bயில் இந்த வாடகை வரவே வராது. அதை மட்டும் பார்த்துக் கணக்கு முடித்தால் வரி விட்டுப்போகும். பிறகு 18% வருட வட்டியோடு கட்ட வேண்டிவரும். கடைக்காரர் தன் பெயரிலேயே ஒரு செல்ஃப் இன்வாய்ஸ் எழுதி, மாத ரிட்டர்னான GSTR-3Bயில் 3.1(d) கட்டத்தில் வரியைக் காட்ட வேண்டும்.

அல்சூர் தம்பிக்கு நான் சொன்னது: முதலில் வாடகை ரசீதில் ஓனரின் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவரே வரி போட்டு பில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால், வாடகைக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் எழுதிய தொகையும் அந்த மாத 3.1(d)யில் காட்டிய தொகையும் ஒன்றாக இருக்கிறதா என்று 2024 அக்டோபரிலிருந்தே சரிபாருங்கள். அவர் பார்த்துவிட்டு மூன்று மாதம் விட்டுப்போயிருப்பதாகச் சொன்னார்.