ஐஸ்கிரீமும் நீரில் மூழ்குதலும்: ஒரு வகுப்பறைக் கணக்கு

ஐஸ்கிரீம் விற்பனை கூடும் மாதங்களில் நீரில் மூழ்குவோரின் எண்ணிக்கையும் கூடுகிறது என்ற எடுத்துக்காட்டைப் புள்ளியியல் கற்பிப்பவர்களில் பலர் கையாண்டிருப்பர். இரண்டையும் கூட்டுவது கோடை வெயில்தான். வெயிலில் மக்கள் ஐஸ்கிரீம் வாங்குகிறார்கள். அதே வெயிலில் குளிக்கவும் நீந்தவும் செல்கிறார்கள். மாணவர்கள் சிரித்துவிட்டு, இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்கும் ஒட்டுறவு வேறு, ஒன்று மற்றொன்றை விளைவிக்கும் காரண காரியத் தொடர்பு வேறு என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள்.

இதழியல் மாணவர்களுக்கு இதைச் சில ஆண்டுகள் நடத்திய பிறகே இதிலுள்ள குறை எனக்குத் தெளிவாயிற்று. ஐஸ்கிரீம் எவரையும் மூழ்கடிக்காது என்பது வகுப்புக்குள் நுழையும் முன்பே மாணவருக்குத் தெரியும். ஆகவே அவர்கள் எண்களை ஆராய்ந்து அம்முடிவை மறுப்பதில்லை. நம்ப முடியாத ஒன்றை நம்ப மறுக்கிறார்கள், அவ்வளவே. செய்தி அறைக்கு வந்துசேரும் ஆய்வறிக்கைகளோ பெரும்பாலும் நம்பக்கூடிய காரணங்களைச் சுமந்து வருகின்றன. அங்கே இந்தச் சிரிப்பு துணைக்கு வராது.

எனவே இப்போது வகுப்பை இரண்டாகப் பிரித்து, இரு பாதிக்கும் ஒரே அட்டவணையைத் தருகிறேன். குளிர்காலமும் கோடையும் தெளிவாகப் பிரியும் ஒரு கடற்கரை ஊரின் எட்டு வாரக் கணக்கு அது. எண்கள் பாடத்துக்காக நானே அமைத்தவை என்பதைப் பயிற்சி முடிந்ததும் மாணவர்களிடம் சொல்லிவிடுவேன்.

| வாரம் | விற்பனை | மூழ்கிய சம்பவங்கள் |
|---|---|---|
| 1 | 2,000 | 1 |
| 2 | 2,000 | 3 |
| 3 | 4,000 | 1 |
| 4 | 4,000 | 3 |
| 5 | 8,000 | 6 |
| 6 | 8,000 | 8 |
| 7 | 10,000 | 6 |
| 8 | 10,000 | 8 |

ஒரு பாதியினரின் தாளில் இரண்டாம் பத்தியின் தலைப்பு ‘ஐஸ்கிரீம் விற்பனை’ என்றும், மறுபாதியினரின் தாளில் ‘பீர் விற்பனை’ என்றும் இருக்கும். வேறு எந்த வேறுபாடும் இல்லை. இருவரும் தத்தம் அட்டவணையிலிருந்து ஒரு செய்தித் தலைப்பு எழுத வேண்டும். ஐஸ்கிரீம் தாளைப் பெற்றவர்கள், வெயில்தான் காரணம் என்று எழுதுகிறார்கள் அல்லது தலைப்பே எழுத முடியாது என்கிறார்கள். பீர் தாளைப் பெற்றவர்களில் பெரும்பாலோர், மது விற்பனை பெருகியதால் கடலில் மூழ்குவோர் பெருகினர் என்று தயக்கமின்றி எழுதிவிடுகிறார்கள். பிறகு இரண்டு தாள்களையும் அருகருகே வைக்கும்போது வகுப்பில் ஏற்படும் அமைதிதான் இந்தப் பாடத்தின் உண்மையான தொடக்கம். எட்டு வரிசைகளிலும் ஓர் எண் கூட மாறவில்லை என்னும்போது, ஒரு தாள் காரணத்தை நிறுவுகிறது, மற்றது நிறுவவில்லை என்று சொல்ல வழியில்லை.

அடுத்து, இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் எண்ணான ஒட்டுறவுக் கெழுவைக் கணினி விரிதாளில் கணக்கிடச் சொல்கிறேன். வாரம் A பத்தியிலும், விற்பனை B பத்தியிலும், சம்பவங்கள் C பத்தியிலும், முதல் வரிசையில் தலைப்புகளும் இருந்தால் சூத்திரங்கள் இவை:

```
=CORREL(B2:B9,C2:C9)
=CORREL(B2:B5,C2:C5)
=CORREL(B6:B9,C6:C9)
```

முதல் சூத்திரம் எட்டு வாரங்களையும் எடுத்துக்கொண்டு 0.88 என்று காட்டும். இக்கெழு −1 முதல் 1 வரையே செல்ல முடியும் என்பதால் 0.88 மிக வலுவான ஒட்டுறவு. அதன் பிறகுதான் முதல் நான்கும் குளிர் வாரங்கள், அடுத்த நான்கும் வெயில் வாரங்கள் என்ற செய்தியை வெளியிடுவேன். குளிர் வாரங்களை மட்டும் எடுக்கும் இரண்டாம் சூத்திரம் சரியாகச் சுழியைத் தருகிறது. வெயில் வாரங்களுக்கான மூன்றாவதும் சுழியையே தருகிறது. கணினி இல்லாமலும் இதைப் பார்க்கலாம். அட்டவணையின் கீழ்ப்பாதியைக் கையால் மறைத்துக்கொண்டால், விற்பனை 2,000 ஆக இருந்த வாரங்களிலும் 4,000 ஆக இருந்த வாரங்களிலும் சம்பவங்கள் ஒன்றும் மூன்றுமாகவே இருப்பது தெரியும். விற்பனை இரட்டிப்பானபோதும் மூழ்குதல் அசையவில்லை.

இவற்றை வரைபடத்தாளில் புள்ளிகளாக இட்டால் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. இடப்பக்கம் கீழே நான்கு புள்ளிகள் ஒரு கூட்டமாகவும், வலப்பக்கம் மேலே நான்கு புள்ளிகள் இன்னொரு கூட்டமாகவும் நிற்கின்றன. ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் எந்தச் சாய்வும் இல்லை. ஒரு கூட்டத்திலிருந்து மற்றதற்கு இழுக்கும் கோடு மட்டுமே சாய்கிறது. அந்த 0.88 முழுவதும் இரு கூட்டங்களுக்கு இடையிலான தொலைவிலிருந்து வந்தது, அத்தொலைவை உண்டாக்கியது வெயில்.

இந்த இடத்தில் பீர் அணியிலிருந்து ஒரு மறுப்பு வரும். மது அருந்திவிட்டு நீரில் இறங்குவது ஆபத்து என்பது உண்மைதானே என்று கேட்பார்கள். உண்மைதான். உடல் நிதானத்தையும் ஆபத்தை மதிப்பிடும் திறனையும் மது குறைப்பது அறியப்பட்ட செய்தி. இறந்தோரின் இரத்தப் பரிசோதனைகளும் அதற்குச் சான்று தருகின்றன. ஆனால் அந்த அறிவு இந்த அட்டவணையிலிருந்து வரவில்லை. ஒரு கூற்று உண்மையாக இருப்பதும், நம் கையிலுள்ள சான்று அக்கூற்றைத் தாங்குவதும் இருவேறு கேள்விகள். முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்பதால் இரண்டாவதைக் கேட்காமல் விடுவதே செய்தியாளர்கள் அதிகம் இடறும் இடம் என்று நான் கருதுகிறேன்.

உண்மையான தரவில் நான் அமைத்ததுபோல் சுழி துல்லியமாகக் கிடைப்பதில்லை. ‘வெயில் வாரம்’ என்ற ஒரே பெயரின் கீழ் 30 பாகையும் 38 பாகையும் அடங்கிவிட்டால், அந்தப் பிரிவுக்குள்ளேயே வெப்பம் மாறிக்கொண்டிருக்கும். அம்மாற்றம் விற்பனையையும் குளிப்போரையும் சேர்த்தே உயர்த்தும். எனவே சிறிதளவு ஒட்டுறவு எஞ்சி நிற்கும். அதை ஐஸ்கிரீமின் விளைவு என்று படித்துவிடக் கூடாது. வெப்பநிலைப் பிரிவுகளைப் பத்துப் பாகையிலிருந்து ஐந்தாகவும், பிறகு இரண்டாகவும் குறுக்கிப் பார்க்க வேண்டும். பிரிவு குறுகக் குறுக எஞ்சிய ஒட்டுறவும் தேய்ந்துகொண்டே போனால், அது வெப்பத்தின் கசிவு என்று கருத இடமுண்டு. தேயாமல் நின்றால் வேறு காரணியைத் தேட வேண்டும். பள்ளி விடுமுறை, வார இறுதி போன்றவை அதே வெப்பத்திலும் கடற்கரைக் கூட்டத்தைப் பெருக்கும்.

இப்படி ஒன்றை மாறாமல் நிலைநிறுத்தி, அது சமமாக உள்ள வாரங்களை மட்டும் ஒப்பிடக் கற்ற மாணவர் கண்ணில் படும் எல்லாவற்றையும் நிலைநிறுத்திப் பார்க்கப் புறப்படுவார். அதிலும் ஒரு பொறி உண்டு. வெயில் தன் கையால் எவரையும் மூழ்கடிப்பதில்லை. வெயில் அதிகமானால் நீரில் இறங்குவோர் அதிகமாகின்றனர். இறங்குவோர் அதிகமாவதால் மூழ்குவோரும் அதிகமாகின்றனர். நம் கேள்வி வெயிலைப் பற்றியதாக இருக்கும்போது, நீரில் இருந்தோரின் எண்ணிக்கை சமமாக உள்ள நாட்களை மட்டும் ஒப்பிட்டால், வெயிலின் விளைவு செல்லும் பாதையையே நாம் அடைத்துவிடுகிறோம். பிறகு ‘வெயிலுக்கும் மூழ்குதலுக்கும் தொடர்பில்லை’ என்ற தவறான முடிவு கிடைக்கும். இரண்டுக்கும் முன்னே நிற்கும் பொதுக் காரணத்தை நிலைநிறுத்துவது முறை. இரண்டுக்கும் நடுவே நிற்கும் படியை நிலைநிறுத்துவது கேள்வியையே அழித்துவிடும். எது முன்னே, எது நடுவே என்பதை எண்கள் சொல்லாது. நீச்சல் காவலரிடமும் ஊர் மக்களிடமும் கேட்டறிய வேண்டிய செய்தி அது.

ஐஸ்கிரீம் எடுத்துக்காட்டு வெறும் வேடிக்கை என்று நினைப்போருக்கு 1948 ஆம் ஆண்டின் கோடையைச் சொல்வேன். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் அந்த ஆண்டு போலியோ கடுமையாகப் பரவியது. போலியோ அங்கே கோடையில் உச்சம் தொடும் நோய். ஐஸ்கிரீமும் குளிர்பானமும் கோடையில்தான் அதிகம் விற்றன. ஆஷ்வில் நகரில் பணியாற்றிய பெஞ்சமின் சாண்ட்லர் என்ற மருத்துவர், சர்க்கரையையும் ஐஸ்கிரீமையும் குளிர்பானங்களையும் தவிர்த்தால் போலியோவைத் தடுக்கலாம் என்று அறிவுறுத்தினார். செய்தித்தாள்கள் அதை வெளியிட்டன. அவர் பருவத்தை மட்டும் வைத்துப் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரத்தச் சர்க்கரை தாழும்போது உடல் நோய்க்கு இடங்கொடுக்கிறது என்ற விளக்கமும், முயல்களில் செய்த சோதனைகளும் அவரிடம் இருந்தன. கேட்பதற்குப் பொருத்தமான அந்த விளக்கந்தான் ஒட்டுறவைக் காரணமாகத் தோன்றச் செய்தது. அடுத்த ஆண்டு அம்மாநிலத்தில் நோய் பெரிதும் குறைந்தபோது, உணவு மாற்றத்தின் பயன் என்று அதுவும் கணக்கில் சேர்க்கப்பட்டது. ஆனால் பெரும் பரவல் ஒன்று கடந்த பகுதியில், எதிர்ப்பாற்றல் பெற்றோர் மிகுந்திருப்பதால், அடுத்த ஆண்டு நோய் தணிவது இயல்பு. உச்ச ஆண்டுக்குப் பின் வரும் ஆண்டு எதுவுமே செய்யாவிட்டாலும் தாழ்வாகத்தான் இருக்கக்கூடும். பத்திகளில் ஒன்று ‘மூழ்குதல்’ என்று இருந்தால் சிரிப்பு வருகிறது. ‘போலியோ’ என்று இருந்தபோது பெற்றோர்கள் அஞ்சினார்கள்.

இங்கிருந்து வகுப்பு மொழிக்கு வருகிறது, தவறு இறுதியில் ஒரு வேற்றுமை உருபில்தான் நிகழ்கிறது என்பதால். மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்னும் பொருள்களை நன்னூல் வகுக்கிறது. ‘ஆல்’ கருவியையும் கருத்தாவையும் காட்டும். ‘ஓடு’ உடனிகழ்ச்சியைக் காட்டும். நாம் பேசிவரும் வேறுபாடு ஒரே வேற்றுமையின் இரண்டு உருபுகளுக்குள் அடங்கிக் கிடக்கிறது. ‘விற்பனையால் மூழ்குதல் கூடியது’ என்பது காரணம். ‘விற்பனையோடு மூழ்குதலும் கூடியது’ என்பது ஒட்டுறவு. இதைவிட நுட்பமாக ஏமாற்றுவது ‘காபி குடித்தால் மாரடைப்பு குறையும்’ என்பது போன்ற வாக்கியம். ‘குடித்தால்’ என்ற எச்சம், இன்று குடிக்காத வாசகர் நாளை குடிக்கத் தொடங்கினால் பயன் கிட்டும் என்று வாக்குக் கொடுக்கிறது. ஆய்வு பார்த்ததோ ஏற்கெனவே குடிப்பவர்களையும் குடிக்காதவர்களையும் மட்டுமே என்றால், எழுத வேண்டியது ‘காபி குடிப்பவர்களிடையே மாரடைப்பு குறைவாகக் காணப்பட்டது’ என்பதே. யார் குடிப்பது என்று சீட்டுக் குலுக்கி ஆய்வாளரே முடிவு செய்திருந்தால், ‘குடித்தால்’ என்ற சொல்லுக்குச் செய்தியாளர் உரிமை பெறுகிறார். கடற்கரைக்கு ஐஸ்கிரீம் வண்டி வருமா வராதா என்பதை ஒவ்வொரு நாளும் நாணயம் சுண்டித் தீர்மானித்தால், வெயில் நாட்கள் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்படும். அப்போது எஞ்சும் வேறுபாடுதான் வண்டியின் வேலை.

கடைசியாக, பழைய தாள்களைத் திருப்பிக் கொடுத்து, அதே எட்டு வாரங்களுக்குப் புதிய செய்தி எழுதச் சொல்வேன். ஒரு மாணவி எழுதியதை இப்போதும் அடுத்த வகுப்புகளுக்குப் படித்துக் காட்டுகிறேன்: “கடற்கரையில் ஐஸ்கிரீம் விற்பனை உயரும் வாரங்களில் மூழ்கும் சம்பவங்களும் உயர்கின்றன. இரண்டும் வெயில் வாரங்களிலேயே நிகழ்வதால், அவ்வாரங்களில் கூடுதல் நீச்சல் காவலர்கள் தேவைப்படலாம். ஐஸ்கிரீம் கடைகளை மூடுவதால் பயன் இருக்கும் என்பதற்கு இக்கணக்கில் சான்று இல்லை.”