லைக்கன் பிளானோபிலாரிஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

லைக்கன் கிரேக்கச் சொல். மரப்பட்டையில் ஒட்டிப் படரும் பாசி போன்றதையும், தோலில் கிளம்பும் படையையும் அது குறித்தது. பிளானஸ் லத்தீனில் தட்டை, பைலஸ் முடி. 1869-இல் எராஸ்மஸ் வில்சன் ஒரு தோல் நோய்க்கு லைக்கன் பிளானஸ் என்று பெயர் வைத்தார். அதே நோய் மயிர்க்காலில் குடியேறினால் லைக்கன் பிளானோபிலாரிஸ்.

நேராகத் தமிழாக்கினால் 'மயிர்க்கால் தட்டைப்படை' என்று வரும். ஆனால் 'படை' என்றதும் நம்மவர்கள் படர்தாமரையை நினைத்து, ஒட்டிக்கொள்ளுமோ என்று பயப்படுவார்கள். இது பூஞ்சையும் அல்ல, தொற்றவும் செய்யாது. அதனால் 'மயிர்க்கால் தழும்பு நோய்' என்பதே என் தேர்வு. என்ன நடக்கப்போகிறது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

பெயர் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு, பெங்களூர் அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை ஒரு உதாரணம். உச்சியில் எரிச்சல், சீப்பு பட்டாலே வலி. போர்வெல் தண்ணீர்தான் காரணம் என்றார்கள். முடி திட்டாகப் போனதும் 'புழுவெட்டு' என்று சின்ன வெங்காயம் தேய்த்தார்கள். எரிச்சல் கூடியதுதான் மிச்சம்.

புழுவெட்டில் உடலின் எதிர்ப்பு அணுக்கள் மயிர்க்காலின் அடிக்குமிழைத் தாக்குகின்றன. மேலே உள்ள குருத்தணுக்கள் தப்பிவிடுவதால் முடி திரும்ப முளைக்க வழி உண்டு. இந்த நோயில் தாக்கப்படுவதே அந்தக் குருத்தணுக்கள் இருக்கும் மேல்பகுதி. விதைநெல்லே போன மாதிரி. அந்த இடத்தில் தழும்புத் திசு நிரம்பி, முடித்துளை மூடிக்கொள்கிறது. மூடிய துளையை எந்த மருந்தும் திறக்காது.

கண்ணால் பார்த்தே ஓரளவு பிரித்தறியலாம். புழுவெட்டுத் திட்டில் துளைகள் தெரியும், பெரும்பாலும் எரியாது. இதில் திட்டின் நடுப்பகுதி துளையே இல்லாமல் வழவழவென்று இருக்கும். ஓரத்தில் மிஞ்சிய முடிகளின் அடியைச் சுற்றிச் சிவப்பும், வெள்ளைச் செதிலும் இருக்கும். நோய் உயிரோடு இருப்பது அந்த ஓரத்தில்தான். அத்தைக்கும் அங்கிருந்துதான் 4 மி.மீ. அளவு தோலெடுத்துப் பரிசோதித்தார்கள். வழவழப்பான நடுவில் எடுத்திருந்தால் வெறும் தழும்புதான் தெரியும், எந்த நோய் என்று சொல்ல முடியாது.

சரி, சிகிச்சை? க்ளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு தடவுவது, திட்டின் ஓரத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறை ட்ரையாம்சினோலோன் ஊசி, தேவைப்பட்டால் ஹைட்ராக்சிக்ளோரோகுயின் மாத்திரை. மாத்திரை என்றால் கண் பரிசோதனையும் கூடவே வேண்டும். பலன் தெரிய மாதங்கள் ஆகும், நின்றபின் திரும்பவும் வரலாம்.

அத்தைக்கு முதலில் எரிச்சல் அடங்கியது, அப்புறம் ஓரத்துச் சிவப்பு. திட்டு அதற்குமேல் பரவவில்லை, ஆனால் போன இடத்தில் ஒன்றும் முளைக்கவுமில்லை. முடி நடலாமா என்று கேட்டார். நோய் ஓரிரு வருடமாவது முழுக்க அடங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நட்ட முடியையும் அது தின்றுவிடும் என்றார் டாக்டர்.