ரிலே ட்ரிப் ஆனால் டயலைக் கூட்டாதீர்கள்

கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரு கேரட் தோட்டம். ஓடைத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்ற 5 எச்பி மோட்டார் வைத்திருக்கிறார்கள். பட்டனை அழுத்தினால் உறுமும், சுற்றாது, சில நொடிகளில் ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆகிவிடும். "ரிலேதான் போச்சுண்ணே, மாத்திடுங்க" என்றார் தோட்டக்காரர். 7.5 ஆம்பியரில் இருக்க வேண்டிய டயலை அவரே 10-க்குக் கூட்டியும் வைத்திருந்தார். உண்மையில் அன்று காயிலைக் கருகாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்த ரிலேதான்.

முதலில் மெயினை அணைத்துவிட்டு ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன். தடையில்லாமல் சுற்றியது. அப்படியானால் பேரிங்கோ இம்பெல்லரோ பிடித்துக்கொள்ளவில்லை. மூன்று பேஸில் ஒன்று வராவிட்டாலும் மோட்டார் இப்படித்தான் உறுமி நிற்கும் என்பதால், சந்தேகம் பேஸ் மேல் திரும்பியது.

"மூணு பேஸும் வருதுண்ணே, டெஸ்டர் எரியுது" என்றார். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஸ்டார்ட்டர் இழுத்திருக்கும்போது, அறுந்த லைனிலும் மோட்டார் காயில் வழியாக மற்ற பேஸ்களின் மின்சாரம் திரும்பி வந்து டெஸ்டரை எரியவைக்கும். மோட்டார் நிற்கும்போது மீட்டர் வைத்தாலும் இதே கதைதான். மூன்று ஜோடியிலும் 400 வோல்ட்டை ஒட்டியே காட்டியது. லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும் இணைப்பு மீட்டருக்குத் தேவையான துளி மின்சாரத்தைக் கடத்திவிடும், மோட்டார் இழுக்கும் கரண்டைத் தாங்காது.

அதனால் மோட்டார் உறுமும் அந்த இரண்டு, மூன்று நொடிக்குள்தான் பார்க்க வேண்டும். கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு வயராக மாட்டி, இடையில் மோட்டாரை ஆறவிட்டு மூன்று முறை ஸ்டார்ட் செய்தேன். இரண்டு வயரில் 38 ஆம்பியர் அளவில் ஏறியது, மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. ஸ்டார்ட்டர் காயில் மற்ற இரண்டு பேஸில் இணைந்திருந்ததால்தான் விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

இனி அந்த ஒரு லைனை மட்டும் பின்தொடர்ந்தால் போதும். மெயினை அணைத்து, மெயின் சுவிட்சின் பீங்கான் ஃபியூஸைக் கழற்றினேன். கம்பி முழுசாகவே இருந்தது. ஆனால் கேரியர் செருகும் பித்தளைக் கவ்வி தளர்ந்து கருகியிருந்தது. மலை ஈரத்தில் பச்சை பூத்துமிருந்தது. அடித்தளத்தோடு சேர்த்துப் புதிது மாற்றினோம். ஸ்டார்ட்டரின் காண்டாக்ட் கருகியிருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். கம்பத்தில் இணைப்பு தளர்ந்திருந்தால் லைன்மேனைத்தான் கூப்பிட வேண்டும், நாமே ஏறக் கூடாது. உள்ளே மின்சாரம் இருக்கும்போது அளப்பதும் எலக்ட்ரீஷியன் வேலைதான்.

பலமுறை உறுமிய மோட்டார் என்பதால் உடனே ஓட்டவில்லை. காயிலின் மூன்று ஜோடி ரெசிஸ்டன்சும் சமமாக இருந்தன. மெக்கரிலும் எர்த் கசிவு இல்லை. அப்புறம் ஓட்டினோம். மூன்று வயரிலும் 7 ஆம்பியரை ஒட்டியே ஓடியது. ஒருவேளை மூன்றிலும் சமமாகவே கூடுதலாக இழுத்திருந்தால், அது பேஸ் பிரச்சினை இல்லை. குறைந்த வோல்டேஜோ பம்பின் சுமையோ காரணமாக இருக்கும்.

டயலை 7.5-க்கே இறக்கி வைத்தேன். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் போடச் சொன்னேன், அதிலும் கரண்டைப் பார்க்கும் வகை. வோல்டேஜை மட்டும் பார்க்கும் வகை ஸ்டார்ட்டருக்கு முன்னால் இணைந்திருக்கும், அதற்குப் பின்னால் காண்டாக்ட் கருகினால் அதற்குத் தெரியாது.