எண்டோஸ்கோப்பி நார்மல், ஆனால் பாவாடை நாடா எட்டவில்லை

அந்த அம்மாவுக்கு 57 வயது. மகளோடு வந்திருந்தார். நான்கு மாதத்து மருந்துச் சீட்டுகளும் ரிப்போர்ட்டுகளும் அடங்கிய ஒரு பை மகளின் கையில் இருந்தது. அவர் யாரென்று தெரியாமலிருக்க ஊரையும் சில விவரங்களையும் விட்டுவிட்டு எழுதுகிறேன். பெண்களுக்கு வரும் புற்றுநோய்களைப் பார்க்கும் மருத்துவராக, இதே கதையைச் சிறு மாறுதல்களோடு பலமுறை கேட்டிருக்கிறேன்.

"என்னம்மா தொந்தரவு?" என்றதும், "கேஸ்தான் டாக்டரம்மா" என்றார். சாப்பாடு எப்படி என்று கேட்டேன். "முன்னெல்லாம் நாலு இட்லி சாப்பிடுவேன். இப்ப ஒண்ணரைக்கே நெஞ்சு வரைக்கும் வந்து நிக்குது. பசிச்சுத்தான் உக்கார்றேன். ரெண்டு வாய் வச்சதும் போதும்னு ஆயிடுது."

மகள் குறுக்கிட்டுச் சொன்ன ஒன்றுதான் என்னை நிமிர வைத்தது. "பாவாடை நாடா எட்ட மாட்டேங்குதுன்னு புதுசா வாங்கினோம் டாக்டர். ஆனா பழைய ஜாக்கெட்டெல்லாம் கையில தொளதொளன்னு இருக்கு."

உடம்பு பெருத்தால் இடுப்பும் பெருக்கும், கையும் பெருக்கும். வயிறு மட்டும் பெருத்துக் கை மெலிகிறது என்றால், வயிற்றுக்குள் கொழுப்பல்லாத ஏதோ சேர்கிறது. எடை பார்த்தேன்: 62 கிலோ. ஆறு மாதத்துக்கு முன்பும் அதே 62 என்று பழைய சீட்டில் இருந்தது. எடை குறையவில்லை என்று எல்லோரும் ஆறுதலாக இருந்திருக்கிறார்கள். சதை குறைந்த அளவுக்கு நீர் கூடியிருந்ததால் தராசு அசையவில்லை.

பையிலிருந்த சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினேன். முதல் மாதம் வீட்டில் ஓமத் தண்ணீர், பெருங்காயம்; பிறகு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய கேஸ் மாத்திரை. இரண்டாம் மாதம் உள்ளூர் மருத்துவர் கொடுத்த பான்டாப்ரசோல், கூடவே ஒரு வயிற்று ஸ்கேன். அந்த ரிப்போர்ட்டின் கடைசியில் சின்னதாக ஒரு வரி: குடலில் காற்று நிறைந்திருப்பதால் அடிவயிற்று உறுப்புகள் தெளிவாகத் தெரியவில்லை. யாரும் அதைத் திரும்பப் பார்க்கவில்லை. மூன்றாம் மாதம் எண்டோஸ்கோப்பி. லேசான இரைப்பை அழற்சி, மற்றபடி நார்மல். அதைக் கேட்டதும் வீடே நிம்மதியாகியிருக்கிறது.

நான் இதை எழுதுவதே அந்த நிம்மதியைப் பற்றிச் சொல்லத்தான். எண்டோஸ்கோப்பி இரைப்பையின் உள்சுவரைப் பார்க்கும் கருவி. புண், கட்டி, அழற்சி உள்ளே இருந்தால் காட்டிவிடும். வெளியிலிருந்து இரைப்பையை எது அழுத்துகிறது என்று காட்டுவது அதன் வேலை அல்ல. இந்த அம்மாவுக்குப் பிரச்சினை இரைப்பைக்கு வெளியே, சினைப்பையில் இருந்தது.

சினைப்பைப் புற்றுநோயில் மிகுதியாகக் காணப்படும் வகை, பெரும்பாலும் கருக்குழாயின் விரல் போன்ற நுனியில் தொடங்குவதாக இப்போது கருதுகிறோம். அந்த நுனி வயிற்றறைக்குள் திறந்திருக்கிறது. அதனால் செல்கள் ரத்தக் குழாயைத் தேடிப் போக வேண்டியதில்லை. வயிற்றறைக்குள் உதிர்ந்து, அங்கே இயல்பாக ஓடும் சிறிதளவு நீரோடு மேலே ஏறிவிடுகின்றன. ஏறிப் போய்ப் படியும் இடங்களில் முக்கியமானது, இரைப்பையிலிருந்து குடலின் மேல் திரை போலத் தொங்கும் ஓமெண்டம் என்ற கொழுப்பு மடிப்பு. அது தடித்து அடை போலாகிறது. வயிற்றறையின் உள்சவ்வில் நீர் சுரக்கிறது. நம் பாட்டிமார் மகோதரம் என்றது இப்படி நீர் கோர்ப்பதைத்தான். இரைப்பை விரிய இடமில்லாமல் போகிறது. அதனால்தான் பசி இருந்தும் ஒன்றரை இட்லியில் வயிறு நிரம்பிவிடுகிறது. கட்டி இருப்பது அடிவயிற்றில், தொந்தரவு தெரிவது மேல்வயிற்றில். நோயாளியும் மருத்துவரும் இரைப்பையையே பார்த்துக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம்.

சாதாரண வாயுத் தொல்லையை இதிலிருந்து எப்படிப் பிரித்தறிவது? வாயு வந்து போகும். ராத்திரி உப்பிய வயிறு காலையில் எழும்போது பெரும்பாலும் தட்டையாகிவிடும்; பட்டாணி, கொண்டைக்கடலை, பால் என்று ஏதாவது ஒன்றோடு தொடர்பு தெரியும்; பல வருடப் பழக்கமாகவும் இருக்கும். நீரோ கட்டியோ காலையிலும் அப்படியே இருக்கும், வாரத்துக்கு வாரம் கூடும். முக்கியமாக, அது புதியது. ஐம்பது வயது வரை இல்லாத தொந்தரவு ஐம்பதுக்கு மேல் முதல்முறையாக வந்து நிலைத்தால், அதற்கு "கேஸ்" என்றோ "குடல் எரிச்சல்" என்றோ உடனே பெயர் வைத்துவிடக் கூடாது. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் 2011-லேயே இதைச் சொல்லிவிட்டது. வயிறு உப்புதல், சீக்கிரம் நிரம்பிவிடுதல், அடிவயிற்று வலி, அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் கழிக்கத் தோன்றுதல், இவற்றில் ஏதாவது ஒன்று மாதத்தில் 12 முறைக்கு மேல் வந்தால், அதிலும் ஐம்பது வயதைத் தாண்டியவராக இருந்தால், பரிசோதிக்க வேண்டும் என்கிறது அது.

சிறுநீர் விஷயத்தை நம் ஊரில் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இந்த அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். சர்க்கரை அளவு சரியாகவே இருந்தது.

இந்த 12 முறைக் கணக்குக்கு நான் சொல்லும் வழி, சுவரில் மாட்டும் மாதக் காலண்டர். தொந்தரவு வந்த நாளில் ஒரு வட்டம். காலையிலும் உப்பல் இருந்தால் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. மாதக் கடைசியில் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். "அடிக்கடி வருது" என்பதைவிட 19 வட்டம் நன்றாகப் பேசும். ஆனால் ஏற்கெனவே சில வாரங்களாக விடாமல் இருந்தால், வயிறு கண்ணுக்குத் தெரியப் பெருத்திருந்தால், அல்லது மாதவிடாய் நின்றபின் ரத்தக்கசிவு இருந்தால், காலண்டருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மறுபடி அந்த அம்மாவுக்கு வருகிறேன். படுக்க வைத்து வயிற்றைத் தட்டிப் பார்த்தேன். விலாப்பக்கத்தில் மந்தமான ஓசை; பக்கவாட்டில் திரும்பிப் படுத்ததும் அந்த மந்தம் இடம் மாறியது. இப்படிக் கையால் தெரிய ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீராவது சேர்ந்திருக்க வேண்டும். அன்றே பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் செய்தோம். இந்த வயதில் பலர் அதற்குக் கூச்சப்பட்டு மறுக்கிறார்கள். சினைப்பையை அருகிலிருந்து பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை, சில நிமிட வேலை, பெண் மருத்துவரே செய்யலாம் என்று சொன்னால் பெரும்பாலும் சம்மதிக்கிறார்கள். இடது சினைப்பையில் ஏழு சென்டிமீட்டர் கட்டி. உள்ளே நீரும் திடப்பகுதியும் கலந்திருந்தன. சுற்றிலும் நீர்.

சினைப்பைப் புற்றுநோயில் பலருக்குக் கூடும் சிஏ 125 என்ற புரதத்தை ரத்தத்தில் பார்த்தோம். வழக்கமான வரம்பு 35; இவருக்கு 640. இந்தப் பரிசோதனையை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது, பயப்படவும் கூடாது. தொடக்க நிலை நோயில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது கூடுவதே இல்லை. மாறாக, வயிற்றுக் காசநோய், கல்லீரல் சுருக்கம், இதயச் செயலிழப்பு, எண்டோமெட்ரியோசிஸ் எல்லாவற்றிலும் கூடலாம். வயிற்றுக் காசநோயில் நீர், தடித்த ஓமெண்டம், உயர்ந்த சிஏ 125 மூன்றும் சேர்ந்தே வந்து அச்சு அசலாக ஏமாற்றும். ஆகவே நீரை எடுத்துச் செல் பரிசோதனைக்கும் காசநோய்க்கான ஏடிஏ பரிசோதனைக்கும் அனுப்பினோம். சிடி ஸ்கேனில் ஓமெண்டம் அடை போலத் தடித்திருந்தது. உதரவிதானத்தின் கீழே சிறு படிவுகள் இருந்தன. ஓமெண்டத்திலிருந்து ஊசி மூலம் சதைத் துணுக்கு எடுத்து உறுதி செய்தோம். நோய் சினைப்பைக்குள் மட்டும் அடங்கியிருப்பதாகத் தெரிந்தால் அந்தக் கட்டியில் ஊசி போடக் கூடாது. உள்ளே இருப்பது கசிந்தால் நாமே நோயைப் பரப்பியதாகிவிடும்.

மூன்றாம் நிலை. மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக மூன்று சுற்றுக் கீமோ, பிறகு அறுவை, மீண்டும் மூன்று சுற்று. அறுவையில் கண்ணுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எடுக்க முடிந்தது. இந்த நோயில் எதிர்காலத்தைப் பெரிதும் தீர்மானிப்பது அதுதான்.

மகள் கேட்டார்: "முதல் மாசமே வந்திருந்தா ஆரம்பத்துலயே பிடிச்சிருக்கலாமா?" உண்மையைச் சொன்னேன். ஒருவேளை அப்போதும் மூன்றாம் நிலையாகவே இருந்திருக்கலாம். இது சத்தமில்லாமல் சீக்கிரம் பரவும் வகை. ஆனால் படிவுகள் குறைவாக இருந்திருக்கும், அம்மா இவ்வளவு மெலிந்திருக்க மாட்டார், கீமோவையும் அறுவையையும் இன்னும் தெம்போடு தாங்கியிருப்பார். எல்லாவற்றையும் எடுத்துவிடும் வாய்ப்பும் கூடுதல்.

"அப்போ எல்லாரும் வருஷாவருஷம் சிஏ 125 பார்த்துக்கலாமா?" என்பது அடுத்த கேள்வி. தொந்தரவு இல்லாதவர்களுக்கு வேண்டாம். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. அப்படித் தேடியதால் இந்த நோயால் ஏற்படும் இறப்புகள் குறையவில்லை. பாப் ஸ்மியரும் இதைக் காட்டாது. அது கர்ப்பப்பை வாய்க்கானது. "கர்ப்பப்பையை எடுத்தாச்சு, எனக்கு வராது" என்பதும் சரியல்ல. பல அறுவைகளில் சினைப்பையை விட்டுவிடுவார்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள்.

மரபணுப் பரிசோதனையில் அந்த அம்மாவுக்கு, சினைப்பை, மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ 1 மாற்றம் இருந்தது. வயது 34 ஆன மகளுக்கும் அது வந்திருந்தது. இரண்டு குழந்தைகள், இனி வேண்டாம் என்கிறார். இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடச் சொல்கிறோம். அப்போதே மாதவிடாய் நின்றுவிடும். எலும்பு, தூக்கம், உடல்சூடு எல்லாவற்றையும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் அந்த அம்மா தன் நாத்தனாரை அழைத்து வந்தார். 54 வயது, வயிறு உப்புசம். கையில் காலண்டர் தாள்: ஐந்து வட்டங்கள், ஒன்றிலும் புள்ளி இல்லை. நான்கு வட்டங்கள், பால் பாயசமோ காபியோ கூடுதலாகச் சாப்பிட்ட நாட்கள். இருந்தாலும் வயிற்றைத் தட்டிப் பார்த்தேன், ஸ்கேனும் செய்தேன். சினைப்பைகள் அந்த வயதுக்குரியபடி சிறுத்து இருந்தன. இரண்டு வாரம் பாலை நிறுத்தச் சொல்லி அனுப்பினேன், காலண்டரைத் தொடர்ந்து குறித்துக்கொண்டு மறுபடி வரச் சொல்லி.