லத்தீன் எழுத்து இருந்தால் ரோமானியக் காசு ஆகிவிடாது

இந்த வாரமும் ஒரு படம் வந்துவிட்டது. தேய்ந்துபோன வெண்கலக் காசு, இடப்பக்கம் பார்க்கும் தாடிக்காரர், சுற்றிலும் லத்தீன் எழுத்து. "சார், ரோமானிய ராஜா காசு. எத்தனை லட்சம் போகும்?" காசைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். 'ஒன் பென்னி, 1917' என்று ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. பழங்காசு மதிப்பிடுவதைத் தொழிலாக வைத்திருக்கும் எனக்கு இதுதான் ஆற்றாமை.

முன்பக்கத்தையும் படித்துவிடுவோம். முதல் சொல் கியோர்கியுஸ், அதாவது ஜார்ஜ். ரோமர்கள் காலத்தில் யூ என்று தனி எழுத்து கிடையாது. அந்தக் கம்பீரத்துக்காக லண்டன் நாணயச்சாலையும் யூ வரும் இடத்தில் வி போட்டது. அடுத்து தனியாக நிற்கும் வி, ஐந்து என்ற எண். தேயி கிரா என்றால் கடவுள் அருளால். பிரிட் என்பதில் டி இரண்டு முறை வரும். அச்சுப்பிழை என்று சொல்லி அதற்கும் விலை ஏற்றுகிறார்கள். சுருக்கத்தில் கடைசி எழுத்தை இரட்டித்தால் பன்மை, அவ்வளவுதான். 'பிரிட் ஆம்ன் ரெக்ஸ்' என்றால் பிரிட்டன்கள் அனைத்துக்கும் அரசர்; கடல் கடந்த நாடுகளையும் சேர்த்துச் சொல்வது. ஃபித் தெஃப் என்பது 'நம்பிக்கையின் காவலர்'. 1521இல் போப் பத்தாம் லியோ இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றிக்குக் கொடுத்த பட்டம். பிற்பாடு ஹென்றி போப்போடு சண்டை போட்டுப் பிரிந்தார், ஆனால் பட்டத்தை மட்டும் விடவில்லை.

கடைசியில் இருப்பது இந்த் இம்ப், இந்தியாவின் பேரரசர். இதைக் காட்டித்தான் "இந்தியாவுக்காகவே அடித்த அபூர்வக் காசு" என்று விற்கிறார்கள். விக்டோரியா காலத்தில், 1893இல் பிரிட்டிஷ் காசுகளில் ஏறிய சொல் இது. 1948 ஆண்டுக் காசு வரை இருந்தது. இந்தியா கைவிட்டுப் போன பிறகு, 1949 காசிலிருந்து காணோம். ஆகவே 1949 அல்லது அதற்குப் பிந்தைய ஆண்டும் இந்த் இம்பும் ஒரே பென்னியில் இருந்தால் தொடாதீர்கள். மற்றபடி கோடிக்கணக்கில் அடித்த சாதாரணக் காசு. தேய்ந்த 1917 பென்னிக்கு லட்சம் எல்லாம் வராது.

அப்புறம் இந்த ஏ.டி. விவகாரம். 'ஆஃப்டர் டெத்' என்று படித்தவர்களே சொல்கிறார்கள். இயேசு இறந்த பிறகுதான் கணக்கு தொடங்குகிறது என்றால், அவர் வாழ்ந்த முப்பது சொச்சம் ஆண்டுகளை எந்தக் கணக்கில் எழுதுவது? 'கல்லறைகளில்தானே ஏ.டி. இருக்கிறது' என்பார்கள். தேவாலய அடிக்கல்லிலும்தான் இருக்கிறது, அங்கே செத்தது யார்? அன்னோ தோமினி என்றால் 'ஆண்டவரின் ஆண்டில்'. அவருடைய பிறப்பை வைத்து எண்ணுவது. நம் கி.பி.யும் அதே கணக்குதான்.

இது தெரியாததால் பணம் போகிறது. போன மாதம் ஒருவர் ரோமப் பேரரசர் திபேரியுஸ் காலத்து வெள்ளிக்காசு என்று வாங்கி வந்தார். விளிம்போரம் அழகாக 'ஏ.டி. 14'. திபேரியுஸ் அரசரான ஆண்டு சரிதான், ஆனால் அந்த எண்ணிக்கை முறையை தியோனிசியுஸ் எக்சிகுவஸ் என்ற துறவி வகுத்தது 525ஆம் ஆண்டில். ஐந்நூறு ஆண்டு கழித்து வரப்போகும் கணக்கைக் காசு அடித்தவன் எப்படி அறிவான்? கி.மு. ஆண்டு பொறித்த காசும் இதே ரகம்தான். கரூர், கோவைப் பக்கம் கிடைத்திருக்கும் திபேரியுஸின் உண்மையான வெள்ளிக்காசுகளான தெனாரியுஸ்களில் ஆண்டே இருக்காது. முன்பக்கம் 'தெய்வமான அகஸ்டஸின் மகன் திபேரியுஸ் சீசர் அகஸ்டஸ்', பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்ணும் 'பொந்திஃப் மாக்சிம்' என்ற தலைமைக் குரு பட்டமும்.

கல்வெட்டுக்கு வந்தால், இன் மெமோரியம் என்றால் நினைவாக. உடல் அங்கே இருக்கிறது என்று அது சொல்லவில்லை. சுவரில் பதித்த பலகையிலும் வரும். 'இங்கே கிடக்கிறார்' என்று சொல்வது ஹிக் யாசெத். அதையும் அப்படியே நம்பிவிட முடியாது. சென்னைக் கோட்டை புனித மரியாள் தேவாலயத்தைச் சுற்றிப் பாவியிருக்கும் கல்லறைக் கற்கள் வேறு இடத்து இடுகாட்டிலிருந்து பெயர்த்து வந்தவை. இன்னொன்று, 'அன்னோ ஏதாதிஸ் சுவே 45' என்றால் வயதின் 45ஆம் ஆண்டில் இறந்தார், அதாவது 44 முடிந்திருந்தது. குடும்ப மரம் வரைகிறவர்கள் இதில் ஒரு வருடம் பிசகிவிட்டு என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள்.

தயவுசெய்து காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்தும் போகும், விலையும் போகும். கல்லில் சாக்பீஸ் தேய்க்காதீர்கள், ஆசிட் ஊற்றவே ஊற்றாதீர்கள். சாயங்காலச் சாய்ந்த வெயிலிலோ, பக்கவாட்டில் டார்ச் அடித்தோ படமெடுத்தால் மங்கிய எழுத்தும் எழுந்து நிற்கும். காசு என்றால் இரண்டு பக்கமும் எடுங்கள், எடையையும் எழுதுங்கள். அப்புறம் விலை கேளுங்கள்.