வெள்ளை ஜிப்பா போட்டால் வீடியோவில் முகம் ஏன் கறுக்கிறது?

சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊர்களில், தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் பேச மேடையேறும் ஆண்களுக்கு வெள்ளை ஜிப்பா கிட்டத்தட்ட சீருடை. நேரில் எடுப்பாகத்தான் இருக்கும். அப்புறம் வாட்ஸ்அப்பில் வீடியோ வரும்போது பார்த்தால் ஜிப்பா பளீரென்று தெரியும், பேசியவரின் கண்ணும் வாயும் இருட்டுக்குள் கிடக்கும்.

கைப்பேசிக் கேமரா தன் முன்னால் இருப்பதையெல்லாம் சேர்த்துச் சராசரியாக நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைத் துணி தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. நம்மில் பலருடைய மாநிறத் தோல் அதில் ஒரு சிறு பங்கைத்தான் அனுப்பும். இடுப்புக்கு மேல் மட்டும் படமெடுத்தால் பாதிப் படம் துணிதான். வெளிச்சம் கூடிவிட்டது என்று கேமரா மொத்தத்தையும் குறைக்கிறது. அடி வாங்குவது முகம். இப்போதைய கைப்பேசிகள் முகத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்துகொள்ளும், ஆனால் பேச்சாளர் தலையைத் திருப்பினாலோ மைக் வாயை மறைத்தாலோ அது தவறிப்போகலாம்.

அதனால் மயில்பச்சை, அரக்கு, கருநீலம் போன்றவை பாதுகாப்பான தேர்வு. ஒரே நிபந்தனை, மேடைத் திரையை முதலில் பார்த்துவிட வேண்டும். அரக்குத் திரைக்கு முன்னால் அரக்குச் சட்டை போட்டால் தலையும் கையும் மட்டும் மிதப்பதுபோல் இருக்கும்.

வெளிர்நீலம் வேண்டாம் என்பேன். காற்றாடி மட்டும் சுழலும் மண்டபத்தில், நம் ஊர்ப் புழுக்கத்தில், பத்து நிமிடத்தில் அக்குள் நனைந்துவிடும். காய்ந்த துணியில் நூலுக்கு நூல் காற்று இருப்பதால் ஒளி சிதறி வெளியே வருகிறது. அந்த இடத்தை வியர்வை நிரப்பினால் சிதறல் குறைந்து, ஒளி துணிக்குள்ளேயே போய் மாட்டிக்கொள்ளும். நனைந்த இடம் கறுப்பது இதனால்தான். வெளிர்நீலத்திலும் சாம்பலிலும் அது அப்பட்டமாகத் தெரியும். கருநீலம் முன்பே இருண்டிருப்பதால் வித்தியாசம் குறைவு.

பொடிக்கட்டம், மெல்லிய கோடு போட்ட சட்டைகளின் தொல்லை வேறு. கேமராவின் உணரியில் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் இருக்கின்றன. உணரியில் விழும் பிம்பத்தில் சட்டைக் கோடுகளின் இடைவெளி அந்தப் புள்ளி இடைவெளியை நெருங்கும்போது, இல்லாத அலைகள் படத்தில் முளைக்கும். ஆள் அசைந்தால் அலையும் நெளியும். பார்ப்பவர் பேச்சை விட்டுவிட்டுச் சட்டையையே பார்ப்பார்.

அளவைச் சோதிக்க, போட்டுக்கொண்டு இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். சட்டை மேலே ஏறிப் பொத்தான்களுக்கு நடுவே துணி வாய் பிளந்தால் அது இறுக்கம். புடவை என்றால் தோள்மடிப்பை உள்பக்கமாக ஊக்குப் போட்டு நிறுத்திவிடலாம். சட்டை மைக் குத்துகிறார்கள் என்றால் நீளச் சங்கிலியைக் கழற்றிவிடுங்கள், உரசல் சத்தம் ஒலிபெருக்கியில் வரும்.

முதல் நாளே அதே உடையில் மேடையில் நின்று, கடைசி வரிசையிலிருந்து ஒருவரை அரை நிமிடம் படமெடுக்கச் சொல்லுங்கள். வேறு உடை இல்லையென்றால், படமெடுப்பவர் கைப்பேசித் திரையில் பேச்சாளரின் முகத்தைத் தொட்டால் கேமரா முகத்துக்கேற்ப வெளிச்சத்தை வைத்துக்கொள்ளும், பெரும்பாலும் அதுவே போதும்.